எஸ்எஃப்டிபி லாகின் அடிக்கடி ஆகாமல் போனால் ஹோஸ்டிங்காரருக்கு என்ன எழுதுவது: கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சிறு கடைகளின் இணையதளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை என்று யார் அழைத்தாலும் தளத்தின் சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் எஸ்எஃப்டிபி வழியில் லாகின் ஆகாதபோது சந்தேகங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

"எஸ்எஃப்டிபி லாகின் ஆகலை, சீக்கிரம் சரி பண்ணுங்க"ன்னு எழுதினா போதாதா?

போதாது. அந்த வரியைப் படிக்கும் சப்போர்ட் ஆள் தன் இடத்திலிருந்து உங்கள் சர்வரைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்குத் திறக்கும். "சோதித்தோம், வேலை செய்கிறது" என்று பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். அவர் சொன்னது பொய்யல்ல. உங்கள் கடையிலிருந்து, உங்கள் கணக்கில், நீங்கள் முயன்ற நேரத்தில் என்ன நடந்தது என்பதைத் தேட அவர் கையில் ஒன்றும் இல்லை.

சர்வரில் ஒவ்வொரு லாகின் முயற்சியும் ஒரு வரியாகப் பதிவாகிறது. ஒரே நாளில் அப்படி ஆயிரக்கணக்கான வரிகள் சேரும். அவற்றில் பெரும்பாலானவை உலகெங்கும் இருந்து கதவைத் தட்டிப் பார்க்கும் திருட்டு நிரல்களுடையவை. அந்தக் குவியலில் உங்கள் வரியைக் கண்டுபிடிக்க நான்கு தகவல்கள் வேண்டும்: எந்தப் பயனர் பெயர், எந்த ஐபி முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, திரையில் வந்த பிழை வரிகள் என்ன. இந்த நான்கும் முதல் குறிப்பிலேயே இருந்தால் இரண்டு மூன்று நாள் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

திரையில எல்லாமே சிவப்பா ஓடுது. எந்த வரியை எழுதறது?

பிழை என்று வரும் எல்லா வரிகளையும் எழுதுங்கள், ஆனால் உங்கள் சொற்களில் மாற்றி எழுதாதீர்கள். கோப்புகளை ஏற்றும் ஃபைல்ஸில்லா நிரலில் மேலே செய்திகள் ஓடும் பகுதியில் ரைட் கிளிக் செய்தால் நகலெடுக்கும் வசதி இருக்கிறது. அப்படியே எடுத்து ஒட்டிவிடுங்கள். "கனெக்ட் ஆகலை" என்று நீங்கள் சுருக்கும்போது மிக முக்கியமான வேறுபாடு தொலைந்துபோகிறது.

`Connection timed out` என்று வந்தால் உங்கள் தட்டல் சர்வர் வரை போய்ச் சேரவில்லை, அல்லது நடுவில் ஒரு ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. `Connection refused` என்றால் எதிர்ப்பக்கம் உடனே "இங்கே வராதே" என்று திருப்பி அனுப்புகிறது: போர்ட் எண் தவறாக இருக்கலாம், அல்லது உங்கள் ஐபி-யைத் தடுத்திருக்கலாம். `Authentication failed` அல்லது `Permission denied` என்றால் கதவு வரை போய்விட்டீர்கள். பெயரையோ பாஸ்வேர்டையோ சர்வர் ஏற்கவில்லை. முதல் இரண்டில் பாஸ்வேர்டு பேச்சே எழவில்லை. அதனால் டைம் அவுட் வரும்போது பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பின்னால் சொல்லும் காரணத்தால் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரி. ஆனாலும் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்னு வருதே?

முதலில் அது எந்த பாஸ்வேர்டு என்று பாருங்கள். பணம் கட்டும் வாடிக்கையாளர் பக்கத்துக்கு ஒன்று, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனலுக்கு ஒன்று, வேர்ட்பிரஸ் நிர்வாகத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று ஒரே கடைக்கு நான்கு இருக்கும். எஸ்எஃப்டிபி கேட்பது ஹோஸ்டிங் கணக்கின் பயனர் பெயரையும் அதன் பாஸ்வேர்டையும்.

இதில் பலர் மாட்டும் இடம் ஒன்று உண்டு. சி-பேனலில் "எஃப்டிபி அக்கவுன்ட்ஸ்" பகுதியில் வேலையாளுக்கென்று தனியாக உருவாக்கும் கணக்குகள் பழைய எஃப்டிபி-க்கு மட்டுமே. அவை எஸ்எஃப்டிபி-யில் நுழையாது. எஃப்டிபி போர்ட் 21-ல் இயங்கும் ஒரு சேவை. எஸ்எஃப்டிபி என்பது சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-சின் ஒரு பகுதி, வழக்கமாக போர்ட் 22. பெயர்தான் ஒட்டியிருக்கிறது, உள்ளே உறவில்லை. அதனால் `raja@vilakku.example` போன்ற துணைக்கணக்கு எஃப்டிபி-யில் ஆகிவிட்டு எஸ்எஃப்டிபி-யில் தோற்றால், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தும் தோற்கிறது என்று பொருள்.

அடைப்புக்குறிக்குள் வருவதையும் கவனியுங்கள். `Permission denied (publickey)` என்று மட்டும் வந்தால் அந்த சர்வர் பாஸ்வேர்டையே ஏற்பதில்லை, சாவிக்கோப்பு வேண்டும் என்கிறது. நீங்கள் எதைத் தட்டினாலும் ஆகாது. குறிப்பில் அந்த அடைப்புக்குறியோடு சேர்த்து எழுதினால் சப்போர்ட் ஆளுக்கு உடனே புரிந்துவிடும்.

டொமைன் பேரைப் போட்டா டைம் அவுட் ஆகுது, ஆனா வெப்சைட் நல்லாத்தான் திறக்குது. எப்படி?

தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் உங்கள் டொமைன் பெயர் காட்டுவது கிளவுட்ஃப்ளேரின் முகவரியை, உங்கள் சர்வரை அல்ல. இணையப் பக்கங்களை அது வாங்கிக் கொடுக்கும். எஸ்எஃப்டிபி-யை சாதாரணத் திட்டங்களில் கடத்திவிடாது. ஹோஸ்டிங்காரர் முதல் நாள் அனுப்பிய வரவேற்பு மின்னஞ்சலில் சர்வரின் சொந்தப் பெயரோ ஐபி-யோ இருக்கும். ஹோஸ்ட் என்ற இடத்தில் அதைப் போடுங்கள். போர்ட் எண்ணும் அதே மின்னஞ்சலில் இருக்கும். பாதுகாப்புக்காக 22-ஐ விட்டு 2222 போன்ற எண்ணை வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய.

ஒரு நேரம் ஆகுது, ஒரு நேரம் ஆகலை. எதையுமே மாத்தலை. இதை எப்படி எழுதறது?

இந்தத் தொகுப்பில் மிக முக்கியமான கேள்வி இது, ஏனென்றால் "விட்டுவிட்டு வருகிறது" என்ற புகாரைத்தான் சப்போர்ட் ஆட்கள் எளிதில் தள்ளிவிடுகிறார்கள். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. குத்துவிளக்குகளின் படங்களையும் விலையையும் தளத்தில் ஏற்ற எஸ்எஃப்டிபி-யைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாள் முதல் திடீரென்று சில நிமிடம் ஆகும், சில நிமிடம் `Connection refused`. முதலில் எழுதிய "லாகின் ஆகலை, அவசரம்" குறிப்புக்கு "சோதித்தோம், சரியாக இருக்கிறது" என்ற பதிலே வந்தது. இரண்டாவது குறிப்பில் கடையின் ஐபி-யையும் முயன்ற நேரங்களையும் எழுதச் சொன்னேன். அரை மணி நேரத்தில் சர்வர் பதிவின் ஒரு துண்டு வந்தது:

```
10:02:03 sshd[21873]: Failed password for vilakku from 203.0.113.24 port 51544 ssh2
10:04:03 sshd[21940]: Failed password for vilakku from 203.0.113.24 port 51602 ssh2
10:06:03 sshd[22011]: Failed password for vilakku from 203.0.113.24 port 51671 ssh2
```

10:08, 10:10 என்று இன்னும் இரண்டு வரிகள், அதோடு நின்றுவிடுகிறது. 10:22-க்கு மறுபடி தொடங்குகிறது. விநாடியைப் பாருங்கள்: எல்லாவற்றிலும் 03. மனிதக் கை அப்படித் தட்டாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு இயந்திரம் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டுகிறது. கடையின் பில்லிங் கணினிதான் அது. கையிருப்புக் கணக்கை ஒரு சிறு கோப்பாகத் தளத்துக்கு அனுப்பும்படி மென்பொருள்காரர் எப்போதோ அமைத்துக் கொடுத்தது. முந்தைய வாரம் பாஸ்வேர்டை மாற்றியபோது அந்தக் கணினி யார் நினைவுக்கும் வரவில்லை.

மீதியை ஃபெயில்2பேன் என்ற காவல் நிரல் செய்தது. அதன் இயல்பான அமைப்பு இது: ஒரே ஐபி-யிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறினால் அந்த ஐபி-யை 10 நிமிடம் வெளியே நிறுத்து. 10:02 முதல் 10:10 வரை ஐந்து தவறுகள், 10:10 முதல் 10:20 வரை தடை, பிறகு 10:22-லிருந்து மறுபடி ஐந்து. அதாவது கடையின் வாசல் ஏறக்குறைய பத்து நிமிடம் திறந்தும் பத்து நிமிடம் மூடியும் கிடந்தது. திறந்திருந்த வேளையில் முதலாளி சரியான பாஸ்வேர்டோடு வந்தால் நுழைந்தார். மூடியிருந்த வேளையில் வந்தால் அதே பாஸ்வேர்டுக்கு மறுப்பு. கடையின் எல்லாக் கணினிகளும் ஒரே ரவுட்டர் வழியே, ஒரே வெளி ஐபி-யில் போவதால், தவறு செய்த கணினியையும் செய்யாத கணினியையும் சர்வரால் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆகவே விட்டுவிட்டு வரும் பிரச்சினைக்கு, ஆன நேரத்தையும் ஆகாத நேரத்தையும் இரண்டையும் எழுதுங்கள். ஆகாத நேரம் மட்டும் இருந்தால் இந்தச் சுழற்சி கண்ணில் படாது.

ப்ளாக்கை எடுத்துவிட்டோம்னு சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி வந்துடுச்சு. அவங்க ஏமாத்தறாங்களா?

இல்லை. மேலே சொன்ன கடையிலும் தடையை எத்தனை முறை எடுத்தாலும் அடுத்த பத்து நிமிடத்தில் திரும்பியிருக்கும். பழைய பாஸ்வேர்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஹோஸ்டிங்காரரால் உங்கள் கடைக்குள் பார்க்க முடியாது. பில்லிங் மென்பொருள், தளத்தை வடிவமைத்தவரின் மடிக்கணினி, வின்எஸ்சிபி-யில் சேமித்து வைத்த பழைய கணக்கு, இரவில் பேக்கப் எடுக்கும் நிரல், கைபேசியிலுள்ள ஃபைல் மேனேஜர் செயலி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எல்லாம் கிடைத்த பிறகு இன்னொன்றும் செய்யலாம். பில்லிங் கணினிக்கு மட்டும் தனியாக ஒரு எஸ்எஸ்ஹெச் சாவி அமைத்துத் தர முடியுமா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். அப்படி இருந்தால் முதலாளி தன் பாஸ்வேர்டை மாற்றினாலும் கையிருப்புக் கோப்பு நிற்காது.

கடையில ஆகலை, மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஆகுது. அப்போ நம்ம பிராட்பேண்ட்தானே தப்பு?

பெரும்பாலும் பிராட்பேண்ட் குற்றவாளி இல்லை. கடையின் ஐபி-தான் தடுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சோதனையை அவசியம் செய்து குறிப்பில் எழுதுங்கள், ஏனென்றால் ஒரே கணினி, ஒரே பாஸ்வேர்டு, வேறு இணைப்பு என்பது பாஸ்வேர்டு சந்தேகத்தை ஒரேயடியாக நீக்கிவிடுகிறது. கடை இணைப்பில் இருக்கும்போது கூகுளில் `what is my ip` என்று தேடினால் வரும் எண்ணையும் ஹாட்ஸ்பாட்டில் வரும் எண்ணையும் எழுதுங்கள். கணினி அமைப்புகளுக்குள் தெரியும் `192.168` என்று தொடங்கும் எண்ணை எழுதாதீர்கள். அது கடைக்குள் மட்டும் செல்லும், சர்வருக்குத் தெரியாது.

"எங்கள் ஐபி-யை நிரந்தரமாக அனுமதித்துவிடுங்கள்" என்று கேட்கும் முன் ஒரு விஷயம். சாதாரண பிராட்பேண்ட் திட்டங்களில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும், ரவுட்டரை அணைத்துப் போட்டாலே மாறலாம். கைபேசி இணைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி ஐபி-யைப் பகிர்கிறார்கள், யாரோ ஒருவர் செய்த தவறுக்கு நீங்களும் வெளியே நிற்க நேரிடும். நிலையான ஐபி-க்குப் பணம் கட்டியிருந்தால் மட்டுமே அந்தக் கோரிக்கை பயன்படும்.

சரி, மாதிரிக்கு ஒரு குறிப்பு எழுதிக் காட்டுங்க.

பாத்திரக்கடையின் இரண்டாவது குறிப்பு, பெயரும் எண்ணும் மாற்றப்பட்டு:

> வணக்கம். எங்கள் கணக்கின் பெயர் `vilakku`, தளம் `vilakku.example`.
>
> 13-ஆம் தேதி காலை முதல் எஸ்எஃப்டிபி லாகின் விட்டுவிட்டு மறுக்கப்படுகிறது. அதற்கு முன் இதே கணினியில், இதே ஃபைல்ஸில்லா அமைப்பில் சிக்கல் இல்லை. 12-ஆம் தேதி மாலை சி-பேனலில் பாஸ்வேர்டை மாற்றினோம். வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை.
>
> ஹோஸ்ட்: வரவேற்பு மின்னஞ்சலில் நீங்கள் கொடுத்த சர்வர் பெயர். போர்ட் 22. கடையின் வெளி ஐபி: 203.0.113.24.
>
> இன்று, இந்திய நேரப்படி: 10:05-க்கு லாகின் ஆனது. 10:13-க்கும் 10:17-க்கும் `Connection refused`. 10:18-க்கு அதே கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தபோது (ஐபி 198.51.100.7) அதே பாஸ்வேர்டில் ஆனது. 10:24-க்குக் கடை இணைப்பிலும் ஆனது. பிழை வரிகளை முழுதாகக் கீழே ஒட்டியிருக்கிறோம்.
>
> தெரிய வேண்டியவை: 203.0.113.24 தடைப்பட்டியலில் ஏறுகிறதா, எந்த விதியால்? இன்று 10:00 முதல் 10:30 வரை இந்த ஐபி-யிலிருந்து வந்த லாகின் முயற்சிகளின் பதிவை அனுப்ப முடியுமா?

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை, "பாஸ்வேர்டை ரீசெட் செய்யுங்கள்" என்ற தீர்வும் இல்லை. கடைசிப் பத்தியில் கேட்டது ஆம், இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. "இந்திய நேரப்படி" என்பதை விட்டுவிடாதீர்கள். நிறைய சர்வர்கள் யுடிசி நேரத்தில் பதிகின்றன. நம் 10:13 அங்கே 04:43.

குறிப்புல பாஸ்வேர்டையும் போட்டுட்டா அவங்களே சோதிச்சுப் பாப்பாங்கல்ல?

போடாதீர்கள். அவர்களுக்கு அது தேவையே இல்லை. சர்வரின் நிர்வாகி அவர். உங்கள் பாஸ்வேர்டு இல்லாமலே கணக்கைப் பார்க்கலாம், பதிவைப் படிக்கலாம், தடையை நீக்கலாம். டிக்கெட்டில் எழுதியது அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வேலைக்கு வந்து போகும் எல்லோரும் படிக்கலாம். தெரியாமல் போட்டுவிட்டிருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மாற்றியதும் பில்லிங் கணினியிலும் மாற்றுங்கள்.

சாவிக்கோப்பு பயன்படுத்துகிறவர்கள் `.pub` என்று முடியும் கோப்பை மட்டும் அனுப்பலாம். `.ppk` கோப்பும், `id_ed25519` என்று வால் இல்லாமல் இருக்கும் கோப்பும் உங்கள் ரகசியச் சாவி. அவை கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

பாஸ்வேர்டை ஏத்துக்குது, ஆனா `Received message too long 1416128883`னு வந்து முடிஞ்சிடுது. இது என்ன நம்பர்?

கோப்பு பெரிதாக இருப்பதால் வருவது போலத் தோன்றும், அப்படி இல்லை. எஸ்எஃப்டிபி பேச்சு தொடங்கும்போது சர்வர் முதலில் நான்கு பைட்டில் ஒரு நீளத்தைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அது ஒரு ஆங்கில வாக்கியத்தைச் சொல்லிவிட்டது. 1416128883 என்ற எண்ணைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 54 68 69 73. அவை T, h, i, s என்ற நான்கு எழுத்துகளின் குறியீடுகள். சர்வர் சொல்ல வந்தது `This account is currently not available.` என்ற வாக்கியம். ஷெல் அனுமதி நிறுத்தப்பட்ட கணக்குக்கு லினக்ஸ் தரும் வழக்கமான பதில் இது.

இது முழுக்க ஹோஸ்டிங்காரர் பக்கத்து அமைப்பு. கணக்கு புதுப்பிக்கத் தவறியதால் முடக்கப்பட்டதா, அல்லது திட்டம் மாறியபோது எஸ்எஃப்டிபி அனுமதி போய்விட்டதா என்று கேளுங்கள். வேறு எண் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரு இலக்கம் விட்டாலும் அந்த நான்கு எழுத்துகளைப் படிக்க முடியாது.

`REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED`னு பெருசா பயமுறுத்துது. யெஸ் கொடுத்துடலாமா?

கொடுக்காதீர்கள், பாஸ்வேர்டும் தட்டாதீர்கள். முன்பு பார்த்த சர்வரின் அடையாளச் சாவி இப்போது வேறாக இருக்கிறது என்று அது சொல்கிறது. ஹோஸ்டிங்காரர் உங்களை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தாலோ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருந்தாலோ இப்படி வரும், அதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆனால் நடுவில் யாராவது புகுந்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும்.

"இந்தத் தேதியில் சர்வரை மாற்றினீர்களா? புதிய சாவியின் கைரேகை என்ன?" என்று எழுதி, உங்கள் திரையில் `SHA256:` என்று தொடங்கும் வரியையும் ஒட்டுங்கள். அவர்கள் சொல்வதும் உங்கள் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுதியும் "எங்க பக்கம் சரியா இருக்கு"ன்னே பதில் வந்தா?

விண்டோஸ் 10, 11-ல் `sftp` கட்டளை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஹோஸ்ட், பயனர் பெயர், போர்ட் மூன்றையும் உங்களுடையதாக மாற்றி இதைத் தட்டுங்கள். போர்ட்டுக்கு முன் வருவது பெரிய P:

```
sftp -v -P 22 vilakku@server.example
```

`-v` போட்டதால் ஒவ்வொரு படியையும் அது சொல்லிக்கொண்டே போகும். `Connection established` என்ற வரி வரவில்லையென்றால் தடையோ வழியோ பிரச்சினை. அது வந்து, `Authentications that can continue` வரியும் வந்த பிறகு நின்றால் பெயர், பாஸ்வேர்டு, சாவி மூன்றில் ஒன்று. முழு வெளியீட்டையும் இணைத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த நேரத்துக்கான உங்கள் பதிவில் `Failed password for vilakku` என்று இருக்கிறதா, `Failed password for invalid user vilakku` என்று இருக்கிறதா, அல்லது எதுவுமே இல்லையா?"

உங்கள் திரைக்கு இந்த வேறுபாடு தெரியாது. திருடனுக்கு உதவக் கூடாது என்பதற்காக, பெயர் தவறானாலும் பாஸ்வேர்டு தவறானாலும் சர்வர் ஒரே பதிலைத் தருகிறது. பதிவில் முதலாவது இருந்தால் பாஸ்வேர்டைப் பாருங்கள். இரண்டாவது இருந்தால் அந்த சர்வரில் அப்படி ஒரு பயனரே இல்லை, பெயரையோ சர்வரையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். எதுவுமே இல்லையென்றால் உங்கள் தட்டல் அங்கே போய்ச் சேரவில்லை. "எங்கள் ஐபி-யை எந்த ஃபயர்வால் தடுக்கிறது" என்பதே அடுத்துக் கேட்க வேண்டியது.